லெவரேஜுக்குத் தமிழ்: கடன்பெருக்கமா, கடன்நெம்பா?

கல்லடி, கணக்கீட்டு ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர மாணவருக்கு நிதி விகிதங்கள் பற்றிக் குறிப்பு எழுதுகிறேன். லெவரேஜ் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கம்பனி கடன் வாங்கித் தொழில் செய்தால் பங்குதாரருக்கு நல்ல வருசத்தில் கூடுதலாக ஏறும், கெட்ட வருசத்தில் கூடுதலாக இறங்கும். இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்க வேண்டும். போன வருசம் 'கடன்சார்வு' என்று கொடுத்தேன். "கடன் கூடின கம்பனி" என்று மட்டும் ஒரு பிள்ளை விடை எழுதியிருந்தது. என் சொல் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்

டீச்சர், 'கடன்பெருக்கம்' என்று வையுங்கள். தொழிலில் இலாபம் வருகிற வரைக்கும் கடன் அந்த இலாபத்தைப் பெருக்கும், நட்டம் வந்தால் நட்டத்தைப் பெருக்கும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

மட்டக்களப்பு, கணக்காய்வாளர்

சேர், பெருக்கம் என்பது சரி. 'இலாபம் வருகிற வரைக்கும்' என்றதில்தான் இடறுகிறது. அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலையின் சொத்து 100 இலட்சம். பங்குதாரர் போட்டது 40 இலட்சம், வங்கிக் கடன் 60 இலட்சம், வட்டி 14%. வருசத்துக்கு வட்டி மட்டும் 8.4 இலட்சம். வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

நெல் வாய்த்த வருசம், வட்டிக்கு முன் 22 இலட்சம் வருகிறது. வட்டி போக 13.6 மிஞ்சும், அது 40 இலட்சத்துக்கு 34%. கடனே இல்லாமல் 100 இலட்சத்தையும் தாங்களே போட்டிருந்தால் 22% தான். அடுத்து, 6 இலட்சம் மட்டும் வந்த வருசம். கடனில்லா ஆலைக்கு அப்போதும் 6% கையில் நிற்கும். கடன் ஆலைக்கு 2.4 இலட்சம் துண்டு விழும், அதாவது 6% நட்டம்.

இப்போது நடுவில் ஒரு வருசம், 10 இலட்சம் வருகிறது. கடன் ஆலைக்கும் இலாபம்தான், 1.6 இலட்சம். ஆனால் அது 40 இலட்சத்துக்கு 4%. கடனில்லா ஆலைக்கு 10%. இலாபம் வந்தும் கடன் பங்குதாரரைக் கீழே இழுத்திருக்கிறது. ஆக, கோடு பூச்சியத்தில் இல்லை சேர், வட்டி வீதத்தில் இருக்கிறது. சொத்து உழைப்பது 14% க்கு மேலே என்றால் கடன் உதவும், கீழே என்றால் உறிஞ்சும், சரியாக 14% என்றால் இரண்டு ஆலையும் ஒன்றுதான்.

அந்தக் கோடும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு ஆலை அதே அரிசியைக் குற்றிக்கொண்டிருக்க, கோடு மட்டும் தலைக்கு மேலே போய்விட்டது.

கல்முனை, கணினி வேலை பார்ப்பவர்

நான் கம்பனிக்காரன் இல்லை, இது பொருந்துமோ தெரியாது. என்னிடம் 2 இலட்சம் இருந்தது. தரகு நிறுவனம் ஒன்றில் மார்ஜின் கடனாக இன்னும் 2 இலட்சம் எடுத்து 4 இலட்சத்துக்குப் பங்கு வாங்கினேன். விலை கால்வாசி விழுந்தது. காசு கட்டு என்றார்கள், கட்ட வழியில்லை, விற்றுவிட்டார்கள். கடன் போக என் கையில் வந்தது 1 இலட்சம். விலை பிறகு ஏறியது, ஆனால் என்னிடம் பங்கு இல்லை. இதற்குப் பெயர் லெவரேஜா, ஏமாற்றா அண்ணன்?

மட்டக்களப்பு, கணக்காய்வாளர்

தம்பி, கால்வாசி விழுந்ததற்கு உங்கள் பணம் பாதி போனதே, அந்த இரண்டு மடங்குதான் லெவரேஜ். விற்றது வேறு விசயம். கடன் கொடுத்தவருக்கு ஒப்பந்தத்தில் இருந்த உரிமை அது, ஏமாற்று என்று சொல்ல முடியாது. விற்பதற்கு முன்னால் நடந்த ஒன்றைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் 2 இலட்சக் கடனுக்கு எதிரே உங்களது 2 இலட்சம். விழுந்த பிறகு அதே கடனுக்கு எதிரே 1 இலட்சம். புதிதாக ஒரு சதமும் கடன் வாங்கவில்லை, ஆனாலும் லெவரேஜ் கூடிவிட்டது. நட்டப்படும் கம்பனிக்கும் இதேதான். நம்முடைய ஆலையின் சொத்து 80 இலட்சமாகக் குறைந்தால் பங்குதாரரின் 40 இல் 20 தான் மிஞ்சும். கடன் ஒன்றரை மடங்காக இருந்தது மூன்று மடங்காகிவிடும். ஐந்தொகையில் கடன் கூடாமல் இந்த விகிதம் மட்டும் ஏறினால் நான் அங்கேதான் முதலில் பேனாவால் வட்டம் போடுவேன்.

சம்மாந்துறை, விவசாயி

வட்டி எங்களுக்குக் கூடாது. மற்றவர் காசில் தொழில் செய்தாலே இந்தப் பிரச்சினைதான் என்று சொல்கிறீர்களா? எங்கள் இஸ்லாமியக் கூட்டு முறையான முழாரபாவில் முதல் போடுபவர் வேறு, உழைப்பவர் வேறு. நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். அங்கே எது எதைப் பெருக்குகிறது?

மட்டக்களப்பு, கணக்காய்வாளர்

நல்ல கேள்வி நானா. அங்கே பெருக்காது. மற்றவர் காசு என்பதால் பெருக்கம் வருவதில்லை, அவருக்குக் கொடுப்பது விளைச்சலைப் பாராமல் நிலையாக நிற்பதால் வருகிறது. வயலில் உங்களுக்கே தெரிந்ததுதான். வாரத்துக்குச் செய்தால் விளைந்ததில் பங்கு, வெள்ளம் வந்தால் இரண்டு பேருக்கும் குறைவு. ஏக்கருக்கு இத்தனை மூடை என்று குத்தகைக்கு எடுத்தால், விளைந்தால் மிச்சமெல்லாம் உங்களுக்கு, வெள்ளம் வந்தாலும் அந்த மூடை கொடுத்தே ஆக வேண்டும். வட்டியே இல்லாத குத்தகைக்குள்ளும் இந்தக் குணம் இருக்கிறது. வங்கி பொருளை வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கிற முராபஹாவில் விலை நிலையானது என்பதால் அங்கேயும் இருக்கும்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்

கோடு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், எனக்கு அது தெளிவில்லாமல் இருந்தது. ஆனால் நிலையான கொடுப்பனவுதான் காரணம் என்றால் 'கடன்' என்ற சொல்லே குறுகிவிடுகிறதே. சொல் என்ன?

மட்டக்களப்பு, கணக்காய்வாளர்

நான் 'நெம்பு' என்பேன். நெம்பு மேலே தூக்கத்தானே என்று கேட்பீர்கள். அலவாங்கு பிடித்தவருக்குத் தெரியும். கல்லுக்கடியில் நுனியைக் கொடுத்து, பிடியை அமத்துகிறோம். கல் ஒரு அங்குலம் கிளம்ப, பிடி பல அங்குலம் இறங்கும். கல் வழுக்கித் திரும்ப இருந்தால் அதே பல அங்குலம் பிடி மேலே பாய்ந்து நாடியில் அடிக்கும். கல்தான் சொத்து, பிடியில் நிற்பவர் பங்குதாரர். நம்முடைய ஆலையில் சொத்தின் வருவாய் 1 புள்ளி அசைந்தால் பங்குதாரருக்கு 2.5 புள்ளி அசையும், எந்தப் பக்கம் போனாலும். 34 க்கும் நட்டம் 6 க்கும் நடுவே 40 புள்ளி. 22 க்கும் 6 க்கும் நடுவே 16. வகுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அலவாங்கே போர்த்துக்கீசரின் நெம்புகோல் என்ற சொல்தான். அதிலிருந்து பிறந்த சொல்லைத்தான் அவர்கள் இன்று லெவரேஜுக்கும் வைத்திருக்கிறார்கள். நம் கையில் கிடந்த சாமான்.

கல்லடி, கணக்கீட்டு ஆசிரியை

நெம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் படித்த சொல்லும் கூட. கடனால் வருவது 'கடன்நெம்பு', வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவால் வருவது 'செலவுநெம்பு', அளவு 'நெம்பு விகிதம்'. இந்தத் தவணைக் குறிப்பில் இப்படியே போடுகிறேன். முகாமையாளர் ஐயாவின் குறையும் தீர்கிறது என்று நினைக்கிறேன்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்

முழுக்கத் தீரவில்லை டீச்சர். குத்தகை எந்தப் பக்கம் போகும், கடன்நெம்பா, செலவுநெம்பா? கடனே இல்லாத கம்பனியை என்ன சொல்வீர்கள்? 'நெம்பிலி' என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கல்லடி, கணக்கீட்டு ஆசிரியை

'தன்முதல் கம்பனி' என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. குத்தகையைப் பற்றி யாராவது எழுதுங்கள். குறிப்பு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.