புதுப்பிப்பு: சுங்குடிக் கடை மெயில் வேலை

முன்பு கேட்டது: "திருமங்கலத்தில் வீட்டிலிருந்தே மதுரை சுங்குடிச் சேலைக் கடைக்கு மெயில் பார்க்கிறேன். ஓனர் பாஸ்வேர்டையே கொடுத்திருக்கிறார். ராத்திரியும் வேலை சொல்கிறார். எங்கே கோடு போடுவது?"

முதலில் பாஸ்வேர்ட். மாற்றச் சொல்லிவிடு என்றார் ஒருவர். அது பாதிதான், மாற்றினால் நான் எப்படி உள்ளே போவது? பல வருடம் இதே வேலை பார்க்கும் அக்கா சொன்னதுதான் உதவியது: ஓனர் தன் ஜிமெயிலில் Settings, See all settings, Accounts and Import, Grant access to your account போய் என் முகவரியைச் சேர்க்க வேண்டும். இப்போது என் கணக்கிலிருந்தே ஓனரின் மெயிலைப் படித்துப் பதில் போடுகிறேன். அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார், எனக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

அப்புறம் கோடு. ஸ்டாக், கூரியர் நம்பர், விலைப்பட்டியலில் உள்ள விலை எல்லாம் நானே. தள்ளுபடி, பணம் திருப்பித் தருவது, ஜிஎஸ்டி மூன்றும் ஓனருக்கு. அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அதனால் 'அண்ணன் பார்க்க' லேபிளுக்குப் போகும். மாலை ஐந்து மணிக்கு ஒரே போனில் முடிவு.

போன வாரம் நூல் சப்ளையர் பெயரில் ஒரு மெயில்: "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்." பெயர் சரி, முகவரியில் ஓர் எழுத்து கூடுதல். பதில் போடாமல் லேபிள் போட்டேன். அண்ணன் பழைய பில்லில் இருந்த நம்பருக்குப் பேசினார். அவர்கள் எதுவும் மாற்றவில்லையாம்.

ராத்திரி வாட்ஸ்அப்பை மறுநாள் ஒன்பதரைக்குத்தான் திறக்கிறேன். "சரிம்மா" என்கிறார். ஆனால் அவர் வீட்டு கரண்ட் பில் கட்டும் வேலை இன்னும் என் தலையில்தான்.