குறட்டை, தூக்கம், தொப்பை: வண்டி ஓட்டுறவங்க அனுபவம் சொல்லுங்க

இரவுவண்டி: நெடுந்தூர லாரி ஓட்டுறேன். வயிறு போட்டதை நான் பெருசா எடுத்துக்கல. கூட வர்ற தம்பிதான் சொன்னான், "அண்ணே, குறட்டை விடுறப்ப நடுவுல மூச்சு நின்னுடுது, அப்புறம் திணறி இழுக்கிறீங்க"ன்னு. எழுந்தா தலை கனம். மதியம் ஸ்டியரிங் பிடிச்சா கண்ணு சொருகுது. அதுக்கு இனிப்பு டீ, குளிர்பானம், கைக்கெட்டுற இடத்துல ஒரு நொறுக்குப் பொட்டலம். யாருக்காவது இப்படி இருக்கா?

பைக்காரன்: எனக்கு இடுப்பு வலிதான். சீட்டுக்கு ஜெல் மெத்தை போட்டேன், பரவாயில்ல.

இரவுவண்டி: தம்பி, நான் கேட்டது தூக்கத்தைப் பத்தி 🙂

ஆர்டர்_அண்ணாச்சி: டெலிவரில எனக்கும் தொப்பை. ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பிட்டா அப்படியே கொழுப்பா மாறிடும், அதான் காரணம்.

பழைய_டிரைவர்: பாதி சரி. கடிகாரம் மட்டும் கொழுப்பாக்காது. பகல் முழுக்க ஆர்டருக்கு ஓடி வெறும் வயித்தோட இருந்துட்டு, ராத்திரி ரெண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே மூச்சுல இறக்குறோம் பாருங்க, அதுதான் வேலையைக் காட்டுது.

இரவுவண்டி அண்ணே, உங்க விஷயம் வேற. நானும் அதுல மாட்டினவன். கழுத்துலயும் நாக்கு அடியிலயும் கொழுப்பு சேர்ந்தா, தூங்கும்போது தொண்டையில மூச்சுப் பாதை அடைபடும். ஒவ்வொரு தடவையும் மூளை லேசா எழுப்பிவிடும், நமக்கு ஞாபகமே இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கின மாதிரி இருக்காது. தூக்கம் கெட்டா பசியும் இனிப்பு ஆசையும் ஏறும், எடை கூடும், அடைப்பும் கூடும்.

ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா சுமார் 10 கிராம். ஒரு ராத்திரிக்கு எட்டு டீன்னா 80 கிராம், பால் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே சுமார் 50 கிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. உட்கார்ந்தே இருக்கிற உடம்பு அதை எங்க செலவழிக்கும்?

கழுத்தை டேப் வெச்சு அளந்து பாருங்க. 40 செ.மீ. தாண்டி, குறட்டையும் பகல் தூக்கமும் பிரஷரும் இருந்தா தூக்கப் பரிசோதனை கேளுங்க. வீட்டுலயே விரல்ல கிளிப் மாட்டிச் செய்யுறதும் உண்டு. எனக்கு மூச்சுப் பாதை மூடாம இருக்க, ராத்திரி மெஷின்ல இருந்து காத்தை அழுத்தி விடுற மாஸ்க் கொடுத்தாங்க. பகல் தூக்கம் போச்சு. எடை மட்டும் தானா குறையல, டீ சர்க்கரையைப் பாதியாக்கி, லோடு ஏத்துறதுக்கு முன்னாடியே ஒரு வேளை ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் அசைஞ்சது. கண்ணு சொருகினா டீயை நம்பாதீங்க, வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிஷம் படுங்க.

இரவுவண்டி: கழுத்து 43. பிரஷர் மாத்திரையும் இருக்கு. ஆனா ரிப்போர்ட் முதலாளி கண்ணுல பட்டா வண்டியை விட்டு இறக்கிடுவாரோ?

பழைய_டிரைவர்: எங்க முதலாளி சிகிச்சை முடியிற வரைக்கும் ராத்திரி டிரிப் தரல, பிறகு தந்தார். எல்லா இடத்துலயும் அப்படி இருக்கும்னு சொல்ல முடியாது.

பைக்காரன்: அந்த மாஸ்க் கேபின்ல ஓட கரண்டுக்கு என்ன பண்றீங்க?