கலைச்சொல்: டீஸ்கேலிங் – உப்பு நீக்கமா, காரை நீக்கமா?

வாசுகி:
வணக்கம். வீட்டு எஸ்பிரெசோ இயந்திரம் ஒன்றின் கையேட்டையும் திரைச் சொற்களையும் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மெனுவில் `CLEAN`, `DESCALE` என்று இரண்டு தனித்தனிப் பொத்தான்கள். முதலாவது ‘சுத்தம் செய்’. இரண்டாவதற்கு எனக்கு முன்பு செய்தவர் ‘செதில் நீக்கு’ என்று போட்டிருக்கிறார், மீன் கடைதான் நினைவுக்கு வருகிறது. திரையில் இடம் குறைவு. சின்னச் சொற்களாகச் சொல்லுங்கள்.

குணா:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கெட்டிலில் வெள்ளையாகப் பிடித்தால் ‘உப்பு படிஞ்சிருக்கு’ என்றுதான் வீட்டில் சொல்கிறோம். ‘உப்பு நீக்கு’ போதும். எப்போது நீக்குவது என்பதற்கு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. 500க்கு மேல் காட்டினால் மாதம் ஒரு முறை. குறைவாக இருந்தால் தேவையே இல்லை.

இக்பால்:
காபி இயந்திரம் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். குணா சார், பேச்சுக்கு உப்பு சரி. ஆனால் படிவது சமையல் உப்பு இல்லை. அது தண்ணீரில் கரைந்தே கிடக்கும், மீட்டரை ஏற்றிவிடும், கெட்டிலில் ஒட்டாது. ஒட்டுவது சுண்ணாம்பு. தண்ணீர் சூடாகும்போது கரியமில வாயு வெளியேறிவிடும். அதுவரை கரைந்திருந்த கால்சியம் கார்பனேட்டாகிச் சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் கடற்கரையோர போர் தண்ணீரில் டிடிஎஸ் நிறைய காட்டினாலும் படிவு குறைவாக இருக்கலாம். பார்க்க வேண்டியது கடினத்தன்மை. அதற்குச் சோதனைத் தாள் கடையில் கிடைக்கிறது.

என் ஓட்டு ‘காரை நீக்கு’. பல்லில் பிடிப்பதைப் பற்காரை என்கிறோமே.

தர்ஷினி (யாழ்ப்பாணம்):
எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தில் இரண்டு மாதத்தில் அடி வெளுத்துவிடும், தேத்தண்ணியில் தகடு தகடாக மிதக்கும். வினாகிரி விட்டுக் கொதிக்க வைத்தேன், வெள்ளை போனது, மணம் போகவில்லை. காபி மெஷினுக்கென்று விற்கிற குளிசை ஒன்று வாங்கினேன், அதில் வெள்ளை அசையவே இல்லை. ஏமாற்று வேலையா?

இக்பால்:
ஏமாற்று இல்லை தங்கச்சி, நீங்கள் வாங்கியது வேறு வேலைக்கானது. அது காபி எண்ணெயை எடுக்கிற காரம். சுண்ணாம்புக்கு அமிலம் வேண்டும். வாசுகி அக்கா இரண்டு பொத்தானுக்கும் ஒரே மாதிரி சொல் போட்டால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம்தான் வரும்.

கேத்திலுக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 25 கிராம் சிட்ரிக் ஆசிட், அரை மணி நேரம். நுரைத்து அடங்கும். கொதிக்க வைக்காதீர்கள். சூடு ஏறினால் கால்சியம் சிட்ரேட்டாகி அதுவே திரும்பப் படியக்கூடும். அப்புறம் வெறும் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். உள்பாகம் அலுமினியமாக இருந்தால் நீண்ட நேரம் ஊற விடாதீர்கள்.

இயந்திரத்தில் விஷயம் வேறு. தண்ணீர் போகிற பாதை மெல்லியது, கண்ணுக்கும் தெரியாது. பம்ப் சத்தம் மாறும், காபி சொட்டுச் சொட்டாக வரும். அப்போது காபித்தூள் போடாமல் ஓட்டிப் பாருங்கள், சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் வரத்து மெலிந்திருந்தால் பெரும்பாலும் காரை. குழாயில் நன்றாக வந்து காபிப் பக்கம் மட்டும் மெலிந்தால், வடிதட்டில் தூளும் எண்ணெயும் அடைத்திருக்கும்.

வெகுநாள் விட்டுவிட்டுத் திடீரென்று கெட்டியான கரைசல் ஊற்றாதீர்கள். பெரிய துண்டாகப் பெயர்ந்து வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதுவரை ஓடியது அன்றைக்கு நின்றுவிடும். இலேசான கரைசலாக இரண்டு மூன்று தடவை விடுங்கள். பெரிய பாய்லர் வைத்தவற்றை வீட்டில் தொடவே வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

வாசுகி:
எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கையேட்டில் இல்லையே? விளக்கு எரிந்தால் செய்யச் சொல்கிறார்கள்.

இக்பால்:
அந்த விளக்கு பெரும்பாலும் சுண்ணாம்பை அளப்பதில்லை, எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். கடினத்தன்மையை முதலிலேயே அமைப்பில் சரியாகக் கொடுக்காவிட்டால் காலம் கடந்து எரியும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் தினம் நாலைந்து காபி போட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யலாம். ஆர்ஓ தண்ணீர் என்றால் மிக அரிது. ஆனால் சில இயந்திரங்களின் நீர்மட்டக் கம்பிக்குச் சுத்தமான ஆர்ஓ தண்ணீர் இருப்பதே தெரியாது.

குணா:
டிடிஎஸ் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ‘காரை’ மட்டும் ஒப்பவில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு அது சுவர்ப் பூச்சு, என் பையனுக்கு அதுவும் தெரியாது. ‘உப்பு’ என்றால் கேட்டதும் புரியும்.

தர்ஷினி:
இங்கே உப்பு என்றால் தண்ணீர் உவர் என்று நினைப்பார்கள். ‘சுண்ணாம்பு நீக்கு’ என்றே போடலாமே?

வாசுகி:
‘சுண்ணாம்பு நீக்கு’ பொத்தானில் வெட்டுப்படுகிறது, போட்டுப் பார்த்தேன். இப்போதைக்குத் திரையில் ‘காரை நீக்கு’, கையேட்டில் முதல் தடவை வரும் இடத்தில் ‘சுண்ணாம்புக் காரை’. விளக்குப் பற்றிய பத்தியில் கடினத்தன்மை அமைப்பையும் சேர்க்கிறேன். குணா சாரின் மறுப்பு பட்டியலில் இருக்கும்.