'வளாகத் தேர்வு'ன்னா எக்ஸாம்னு நினைக்கிறாங்க, வேற சொல் வேணும் (வெள்ளிக்கிழமைக்குள்ள)

ஓசூர் எச்ஆர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு மெஷின் ஷாப்ல எச்ஆர். ஒரு அரசு பாலிடெக்னிக் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு, உங்க காலேஜுக்கே வந்து கடைசி வருஷப் பசங்களை எடுத்துக்கிறோம், பிப்ரவரில ஒரு நாள் குடுங்கன்னு தமிழ்ல லெட்டர் எழுதணும். அந்த லெட்டரையே நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவாங்க. போன வருஷம் 'வளாகத் தேர்வு'ன்னு போட்டேன், அது ஏதோ மாடல் எக்ஸாம்னு நினைச்சு நிறைய பசங்க அன்னிக்கு காலேஜுக்கே வரல. வரி இப்படி இருக்கு: "25 பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்க வளாகத் தேர்வு நடத்த விரும்புகிறோம்." வெள்ளிக்கிழமை அனுப்பணும், உதவுங்க.

தஞ்சை தமிழாசிரியை:
தம்பி, தேர்வு மட்டும் சிக்கல் இல்ல, பயிற்சியாளரும் சிக்கல்தான். கிரிக்கெட் டீமுக்குச் சொல்லிக்குடுக்கிறவரும் பயிற்சியாளர், நீங்க கத்துக்க எடுக்கிற பையனும் பயிற்சியாளர். 25 வாத்தியார் வேணும்னு கேக்கிற மாதிரி இருக்கு. பயிலுநர்னு போடுங்க. தொழில் பழகுநர்னு மட்டும் போட்டுடாதீங்க, அது 1961 அப்ரன்டிஸ் சட்டத்துல வர்றவங்களுக்கான சொல், உங்க ஆட்கள் அதுல வரலேன்னா பின்னாடி வம்பு.

மதுரை, தனித்தமிழ்:
வளாகமே இங்க பொருந்தாதுங்கய்யா. வளை-ங்கிற வேர்ல வந்தது, வளைச்சு நிக்கிறது வளாகம். புறநானூறு 189ல 'தெண்கடல் வளாகம்'னு கடல் சூழ்ந்த உலகத்தையே சொல்லுது, அதைப் போய் காம்பவுண்டு சுவருக்குள்ள அடைச்சிட்டோம். 'கல்லூரி ஆளெடுப்பு'ன்னு வைங்க, ஆள் எடுக்கிறாங்கன்னு ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே.

தஞ்சை தமிழாசிரியை:
ஐயா, சங்கத்துல உலகம்னா இப்பவும் உலகம்னே இருக்கணுமா? பல்கலைக்கழக வளாகம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆளெடுப்பு எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா முதல்வர் மேசைக்குப் போற கடிதத்துல கொஞ்சம் கரடுமுரடா கேக்கும்.

யாழ்ப்பாணம்:
எங்கட பக்கம் இந்தக் குழப்பமே வாறேல்லை. எழுதுறது பரீட்சை, ஆக்களை எடுக்கிறது தெரிவு. வளாகத் தெரிவு எண்டு போட்டால் என்ன?

திருச்சி அப்பா:
என் பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருஷம், 2 அரியர் வச்சிருக்கான், அவன் வரலாமா சார்?

சேலம், ஓய்வு பெற்ற பிளேஸ்மென்ட் ஆபீசர்:
சொல்லு முக்கியம்தான், ஆனா 11 வருஷம் இந்த மாதிரி லெட்டர் வாங்கினவன் நான், மூணு விஷயம் இல்லாம வந்தா உடனே தேதி குடுக்க முடியாது. முதல்ல 25ஐப் பிரிச்சு எழுதுங்க: சிஎன்சி 18, குவாலிட்டி 4, மெயின்டனன்ஸ் 3ன்னு இருந்தாத்தான் எலக்ட்ரிகல் பசங்களையும் கூப்பிடலாமான்னு எனக்குத் தெரியும்.

ரெண்டாவது, திருச்சிக்காரர் கேட்டது. 'அரியர் இல்லாதவர்கள்'னு மொட்டையா எழுதினா, முன்னாடி அரியர் வச்சு கிளியர் பண்ண பையனும் பேர் குடுக்காம ஒதுங்கிடுவான். 'இப்போது நிலுவைப் பாடம் இல்லாதவர்கள்'னா அவனும் வருவான். எது உங்க விதியோ அதைத் தெளிவா எழுதுங்க.

மூணாவது நேரம். காலைல 90 பேர் டெஸ்ட் எழுதி 45 பேர் இன்டர்வியூவுக்கு வர்றாங்கன்னு வைங்க. ஒரு ஆளுக்கு 12 நிமிஷம்னா ஒரு பேனல் மணிக்கு 5 பேரைப் பாக்கும், மூணு பேனல் 15 பேர், அப்போ மூணு மணி நேரம். 1.30க்கு ஆரம்பிச்சா 4.30. ஒரே பேனலோட வந்தீங்கன்னா 9 மணி நேரம், கிராமத்துப் பசங்க பஸ்ஸுக்குப் பாதியில எழுந்து போயிடுவாங்க. எத்தனை பேனல்னு எழுதினாத்தான் நான் ரூம் ஒதுக்க முடியும்.

ஓசூர் எச்ஆர்:
ரொம்ப நன்றி சார், மூணு பேனல் கூட்டிட்டு வர்றோம். திருச்சி சார், எங்களுக்கு இப்போ அரியர் இருக்கக் கூடாது, ஏப்ரல்ல கிளியர் பண்ணிட்டு எழுதச் சொல்லுங்க. இன்னொரு கவலை, போன வருஷம் 20 பேருக்கு ஆர்டர் குடுத்தும் ஜூலைல 13 பேர்தான் சேர்ந்தாங்க, மிச்சம் பேர்ல நிறைய பேர் லேட்டரல் என்ட்ரில பிஇ ரெண்டாம் வருஷம் போயிட்டாங்க. மேல படிக்கப் போறவங்க முன்னாடியே சொல்லணும்னு லெட்டர்ல போடலாமா?

சேலம்:
போடாதீங்க. சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு பயந்து எல்லாரும் போகலைன்னுதான் சொல்வாங்க. 25 வேணும்னா காத்திருப்புப் பட்டியல்ல ஒரு 10 பேரை வச்சுக்குங்க.

ஓசூர் எச்ஆர்:
சரி சார். வரியை மாத்திட்டேன்: "18 சிஎன்சி, 4 குவாலிட்டி, 3 மெயின்டனன்ஸ் பயிலுநர்களைப் பணிக்கு எடுக்க உங்கள் கல்லூரியில் வளாக நேர்காணல் நடத்த விரும்புகிறோம்." பேப்பர்ல வர்ற சொல்லுங்கிறதால நேர்காணல்னு போட்டேன்.

யாழ்ப்பாணம்:
காலமை எழுத்துப் பரீட்சையும் இருக்கு எல்லோ? நேர்காணல் எண்டால் அது அடங்காது. தெரிவு எண்டால் ரண்டும் அடங்கும்.

தஞ்சை தமிழாசிரியை:
அவர் சொல்றது சரிதான். ஆனா தமிழ்நாட்டுப் பையன் தெரிவுன்னு போர்டுல பாத்தா நின்னு யோசிப்பான். இந்தத் தடவைக்கு நேர்காணல் போகட்டும், கீழ 'காலை 9.30 எழுத்துத் தேர்வு'ன்னு தனி வரி போட்டுடுங்க.

மதுரை, தனித்தமிழ்:
எழுத்துத் தேர்வுன்னு போட்டா மறுபடியும் அதே தேர்வுதானே வந்து நிக்குது. ஆளெடுப்பை நான் விடுறதா இல்ல.