250 ரூபாய்க்குள் பொதுப் பரிசு: யோசனை தேவை

மண்டபத்தில் மீன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் 11 பேருக்குள் பரிசுப் பரிமாற்றம். பொருள்களை மேசையில் குவித்து, சீட்டு வரிசைப்படி எடுப்போம். அதனால் என் பரிசு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. வரம்பு 250 ரூபாய், பொதியும் தாளும் சேர்த்து. பில்லையும் காட்ட வேண்டும். போன வருடம் ஒருவர் அறுநூறுக்கு வாங்கி மற்றவர்களைச் சங்கடப்படுத்தியதால் வந்த விதி.

முதலில் ராமேஸ்வரத்துச் சிப்பி விளக்கு பார்த்தேன். வெளியூர்க்காரருக்கு அழகு, எங்கள் ஆட்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு தூசி படிந்து கிடக்கும். கருவாடு என்றால் சைவக்காரர் இருவர். கருப்பட்டிக்கு ஆசைப்பட்டேன், மூன்று பேருக்குச் சர்க்கரை. இணையத்தில் 220க்கு ஒரு தண்ணீர் பாட்டில் கிடைத்தது. கூரியர் 60 சேர்ந்ததும் வரம்பு தாண்டிவிட்டது.

கடைசியில் பனையோலைப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன், 120 ரூபாய். மூடி இறுக்கமாக உட்காருகிறது, ஓரத்தில் சிவப்புச் சாய ஓலை, திறந்தால் பச்சை ஓலை வாசம். பெட்டியே பொதியும் ஆகிவிடும், தாள் செலவு மிச்சம். ஆனால் வெறும் பெட்டியாகக் கொடுத்தால் 'இவ்வளவுதானா' என்பார்கள்.

மீதி 130 ரூபாய். ஒரு சாண் அகலம், நான்கு விரல் உயரம். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் ஓய்வுபெறப் போகும் அக்காவுக்கும் பொருந்துகிற மாதிரி, ராமநாதபுரம் கடைகளிலேயே கிடைக்கிற எதை உள்ளே வைக்கலாம்?