கேபிள் டை இறுக்கிய மல்லிகைக் கொடி: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கடற்காற்று, வெள்ளவத்தை

எங்கள் வீடு மூன்றாம் மாடி. பல்கனி கிறிலில் மல்லிகையை ஏற்றிவிடலாம் என்று போன தைப்பொங்கல் முடிந்த கையோடு கட்டத் தொடங்கினேன். வயரிங் வேலைக்கு வந்தவர் விட்டுப்போன கேபிள் டை ஒரு பிடி இருந்தது. கடற்காற்றுக்கு அசையக்கூடாது என்று, க்ரிக் க்ரிக் என்று சத்தம் வரும்வரை இழுத்து ஒன்பது இடத்தில் இறுக்கினேன். அப்போது தண்டு ஈர்க்கு மொத்தம்தான்.

ஆடியில்தான் கண்ணில் பட்டது. கட்டுக்கு மேலே இலை மஞ்சளாகவும் சின்னதாகவும் இருக்கிறது. கட்டுக்குக் கீழே மட்டும் பச்சைப் பசேல் என்று புதுத் துளிர். தண்டு இப்போது பென்சில் மொத்தம். கட்டுக்குச் சற்று மேலே, வீங்கிய விரலில் மோதிரம் சிக்கின மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் போன கிழமை அடித்த காற்றில் ஒரு கொடி சரியாக அந்தக் கட்டு இருந்த இடத்திலேயே முறிந்துவிட்டது. இன்னும் இரண்டு கொடிக்கு இதே நிலைமை. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

பூக்காரி, கொட்டாஞ்சேனை

எனக்கும் இரண்டு வருடமாகப் பூக்கவே இல்லை அக்கா. பிறகு பார்த்தால் அடுத்த வீட்டுக்காரரின் தண்ணீர்த் தாங்கி நிழல்தான் காரணம். சட்டியைக் கிழக்குப் பக்கம் மாற்றினேன், பங்குனியில் மொட்டு வந்தது. நீங்களும் சட்டியை மாற்றிப் பாருங்கள்.

கடற்காற்று

தங்கச்சி, எங்களுடையது பூக்கிறது. கழுத்து நெரிபடுகிறது, அதுதான் பிரச்சினை.

பயிற்றங்காய்த் தம்பி, மட்டக்குளி

கொடியைக் கட்டவே தேவையில்லை என்பது என் அனுபவம். மொட்டை மாடியில் பயிற்றங்காய் போடுகிறேன். முதலில் வழுவழுப்பான பி.வி.சி குழாய் நட்டேன். கொடி இரண்டு அடி ஏறும், ஒரு மழைக்குச் சறுக்கிக் குவிந்து கிடக்கும். குழாயில் தும்புக்கயிற்றைச் சுற்றிய பிறகு ஒரு கட்டும் இல்லாமல் உச்சிவரை போனது. ஒன்றைக் கவனியுங்கள். மேலிருந்து பார்த்தால் அது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். நான் உதவி செய்வதாக நினைத்து மறுபக்கமாகச் சுற்றிவிட்டேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் நுனி தானே கழன்று விலகி நிற்கிறது. மல்லிகையையும் சரியான திசையில் சுற்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும் அக்கா.

பழைய பந்தல், தெஹிவளை

தம்பி சொன்ன திசை பயிற்றங்காய்க்குச் சரி. மல்லிகைக்குப் பொருந்தாது. குண்டுமல்லிகை நீளமாகக் கிளை விடும், பக்கத்தில் இருப்பதன்மேல் சாயும். அவ்வளவுதான், பயிற்றங்காய் மாதிரி நுனியால் தேடிச் சுற்றாது. நீங்கள் சுற்றிவிட்டாலும் இரண்டு நாளில் அவிழ்ந்து தொங்கும். அதனால் கட்டத்தான் வேண்டும். எதனால், எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

பிள்ளை, உங்கள் கொடிக்கு நடந்தது இதுதான். தண்ணீர் தண்டின் உள்ளே இருக்கும் மரப்பகுதியால் மேலே ஏறுகிறது, அதனால்தான் கட்டு இறுகியதும் கொடி வாடவில்லை. நீங்களும் ஆறு மாதம் கவனிக்கவில்லை. ஆனால் இலை சமைத்த சாப்பாடு பட்டையின் வழியாகத்தான் கீழே இறங்கும். பட்டை நெரிந்தால் அது கட்டுக்கு மேலேயே தேங்கிப் புடைக்கும். நுனியிலிருந்து ‘நீ முளைக்காதே’ என்று கீழ்மொட்டுகளுக்கு வரும் சேதியும் அதோடு நின்றுபோகும். கீழே துளிர்த்தது அதனால்தான்.

முதலில் கட்டை எடுக்கவேண்டும். கத்தி வேண்டாம், வழுக்கினால் பட்டையோடு போகும். நகவெட்டியால் கேபிள் டையின் பூட்டை, அந்தச் சின்னப் பெட்டி மாதிரித் தலையை, வெட்டுங்கள். தானாகவே விரியும். பட்டைக்குள் புதைந்த பகுதியை இழுக்காதீர்கள், இழுத்தால் பட்டை உரிந்து வந்துவிடும். அது உள்ளே கிடக்கட்டும்.

அந்தப் புடைப்பு வீண் இல்லை. கொடியிலேயே வேர் பிடிக்கவைக்க வான்பதி வைக்கும்போது நாங்களே பட்டையை வளையமாக எடுத்து உண்டாக்குவது அதைத்தான். உங்கள் கேபிள் டை அரைவாசி வேலையை முடித்துவிட்டது. மோசமாக நெரிந்த கொடியில், புடைப்பைச் சுற்றி நனைத்துப் பிழிந்த தும்புச்சோறு ஒரு கைப்பிடி வைத்துப் பொலித்தீனால் மூடி, மேலும் கீழும் கட்டுங்கள். வேர் கண்ணில் படும் வரை விடுங்கள், பிறகு கீழே வெட்டிச் சட்டியில் நடலாம். வெயில் நேராக அடித்தால் மேலே கொஞ்சம் பேப்பர் சுற்றுங்கள்.

இனி மறுபடி கட்டுவது. பழைய டீ-சேர்ட்டை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழியுங்கள், அது இழுபடும். முடிச்சு முழுவதும் கம்பியில் இருக்கவேண்டும், தண்டில் இல்லை. கம்பியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டு முனையையும் நடுவில் ஒருமுறை குறுக்கே மாற்றி, தண்டை அந்த வளையத்துக்குள் தளர்வாக எடுத்து, மறுபடி கம்பிப் பக்கம் கொண்டுவந்து முடியுங்கள். எட்டு என்ற இலக்கம் மாதிரி இருக்கும். நடுக் குறுக்கு தண்டையும் கம்பியையும் பிரித்து வைக்கும், அதனால் காற்றில் உரசாது, மத்தியானம் கொதிக்கும் இரும்பும் சுடாது. சுண்டுவிரல் வளையத்துக்குள் போய் வரவேண்டும். போகாவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். இலைக்கணுவுக்குச் சற்றுக் கீழே கட்டினால் கொடி கீழே நழுவாது. ஒரு சாணுக்கு ஒரு கட்டுப் போதும்.

வளைப்பதற்குக் காலை நேரம் வேண்டாம். இரவெல்லாம் தண்ணீர் குடித்து விறைத்திருக்கும், பட்டென்று முறியும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு, தண்ணீர் ஊற்றுவதற்கு முன் செய்யுங்கள்.

பூக்காரி

மன்னியுங்கள் அக்கா, தலைப்பைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். ஆனால் துணிக் கட்டில் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. போன மழைக்கு ஈரம் காயாமல் அதற்குள் வெள்ளைப் பஞ்சுப் பூச்சி குடியேறிவிட்டது. அதன் பிறகு வாழைநார்தான்.

பழைய பந்தல்

வாழைநார் நல்லதுதான், எங்கள் வீட்டில் பந்தலுக்கெல்லாம் அதுதான். ஆனால் கொழும்பு மழைக்கு இரண்டு மூன்று மாதத்தில் உக்கிவிடும். பயிற்றங்காய் அதற்குள் காய்த்து முடியும், மல்லிகை முடியாது. பூச்சிக்குப் பயந்தால் மாதம் ஒருமுறை துணிக்குக் கீழே பாருங்கள். எப்படியும் இறுக்கம் பார்க்கவேண்டுமே.

பூக்காரி

நான் உக்கிவிடுவதைத்தான் விரும்புகிறேன் ஐயா. மறந்தாலும் கழுத்தை நெரிக்காது.

பழைய பந்தல்

அதுவும் ஒரு கணக்குத்தான்.

கடற்காற்று

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். நகவெட்டி நன்றாக வேலை செய்தது, ஒன்பதில் ஏழு டை முழுதாக வந்தது, இரண்டு உள்ளே கிடக்கிறது. வான்பதி வைத்த கொடியில் பொலித்தீனுக்குள் வெள்ளை வேர் நூல் நூலாகத் தெரிகிறது. இன்னும் வெட்டவில்லை, வேர் கொஞ்சம் தடிக்கட்டும். மற்றக் கொடியில் புடைப்பு அப்படியே இருக்கிறது. மேலே புது இலை இரண்டு விட்டிருக்கிறது, ஆனாலும் காற்றடிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பக்கென்கிறது. அதற்கு மட்டும் நெரிந்த இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு துணிக்கட்டு அதிகமாகப் போட்டிருக்கிறேன். தம்பி, வேர் பிடித்த கன்றுக்குச் சட்டி ஒன்று குறைகிறது. உங்களிடம் பயிற்றங்காய் முடிந்த சட்டி இருந்தால் சொல்லுங்கள்.

பயிற்றங்காய்த் தம்பி

இருக்கிறது அக்கா, தும்புக்கயிறு சுற்றின குழாயோடு தருகிறேன். மல்லிகை அதில் சுற்றாது என்பது இப்போது தெரியும்.