கலைச்சொல்: ‘சீப்பஸ்ட் டு டெலிவர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி எழுதியது:
வணக்கம். சென்னையில் ஒரு மாலைநேர வகுப்புக்காக, அரசுக் கடன்பத்திர முன்பேரம், அதாவது ஃப்யூச்சர்ஸ், பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சீப்பஸ்ட் டு டெலிவர் என்பதற்கு ‘மலிவுப் பத்திரம்’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

அருண் எழுதியது:
பொருந்தும் மேடம். முன்பேரத்தில் விற்றவர், அனுமதித்த பத்திரங்களில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கிக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதானே?

ராகவன் எழுதியது:
தேர்வு விற்றவர் கையில் என்பது சரி, அருண். விலை குறைந்தது என்பதில்தான் சிக்கல்.

2009 ஆகஸ்டில் தேசியப் பங்குச் சந்தை கொண்டுவந்த ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 7% கூப்பன் உள்ள ஒரு கற்பனைப் பத்தாண்டுப் பத்திரம்தான் அதன் அடிப்படை. அப்படி ஒன்று சந்தையில் இல்லாததால், ஏழரை முதல் பதினைந்து ஆண்டு வரை மீதமுள்ள அரசுப் பத்திரங்களில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். எல்லாப் பத்திரமும் ஒன்றுபோல் இல்லையே! அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுக் காரணி. சந்தை வட்டி 7% ஆக இருந்தால் அந்தப் பத்திரத்தின் ஒரு ரூபாய் முகமதிப்பு என்ன விலை போகும் என்பதுதான் அந்த எண். விற்றவருக்குக் கிடைக்கும் தொகை, முன்பேர விலையை அந்தக் காரணியால் பெருக்கினால் வருவது. சேர்ந்த வட்டியையும் கையிருப்புச் செலவையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு பத்திரங்களை மட்டும் பார்ப்போம், இரண்டுக்கும் வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை. ‘அ’ 8% கூப்பன், 8 ஆண்டு, காரணி 1.0605. ‘ஆ’ 7% கூப்பன், 14 ஆண்டு, காரணி 1.

சந்தை வட்டி 6% என்றால் ‘அ’ சுமார் 112.56, ‘ஆ’ 109.38. அருண் சொல்வதுபோல் விலை குறைந்தது ‘ஆ’. ஆனால் விலையைக் காரணியால் வகுத்துப் பாருங்கள். ‘அ’வுக்கு 106.14, ‘ஆ’வுக்கு 109.38. முன்பேர விலை 106.14 பக்கத்தில்தான் நிற்கும். அந்த விலையில் ‘ஆ’வைக் கொடுப்பவருக்கு நூற்றுக்கு 3.24 ரூபாய் நஷ்டம். ‘அ’வைக் கொடுத்தால் கணக்கு நேர். ஆக, விலை கூடிய பத்திரம்தான் இங்கே சீப்பஸ்ட் டு டெலிவர், சுருக்கமாக சி.டி.டி.

அதே வட்டி 8% ஆனால் தலைகீழ். ‘அ’ 100, ‘ஆ’ 91.67. வகுத்தால் 94.30, 91.67. இப்போது ‘ஆ’ வென்றுவிடும். காரணி எல்லாவற்றையும் 7% என்ற ஒரே வட்டியில் மதிப்பிடுவதுதான் காரணம். வட்டி அதைத் தாண்டினால் நீண்ட பத்திரத்தின் விலை அதிகமாக விழும், காரணி அதைக் கண்டுகொள்ளாது. சரியாக 7% இருந்தால் இரண்டும் சமம்.

‘மலிவுப் பத்திரம்’ என்று எழுதினால், 109.38 ரூபாய்ப் பத்திரத்தைத்தான் மாணவர்கள் சுட்டிக்காட்டுவார்கள்.

குமரேசன் எழுதியது:
நல்ல விளக்கம் சார். நான் ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் கணக்கில் ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். இந்தக் கணக்குப்படி அடுத்து எதை வாங்கினால் மலிவு?

ராகவன் எழுதியது:
குமரேசன், இது வாங்கிவைக்க நல்ல பத்திரம் எது என்று சொல்லும் கணக்கு அல்ல. ஒப்பந்தத்தை முடிக்க எதைக் கொடுத்தால் கையைக் குறைவாகக் கடிக்கும் என்பது மட்டும்தான். முதிர்வு வரை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் மாற்றுக் காரணிக்கு உங்களிடம் வேலையே இல்லை.

அருண் எழுதியது:
புரிகிறது சார். அப்போ வட்டி 8% இருக்கும்போது முன்பேரத்தை வாங்கியவர் 14 ஆண்டுப் பத்திரத்தையே வாங்கியதாக நினைத்துக்கொண்டால்?

ராகவன் எழுதியது:
ஏமாந்துபோவார். வட்டி 6%க்கு இறங்கினால் 91.67 என்பது 109.38 ஆகும் என்று எதிர்பார்ப்பார். வழியில் சி.டி.டி. மாறிவிடுவதால் 106.14தான் வரும். இதே நினைப்பில், கையில் உள்ள ‘ஆ’வுக்குப் பாதுகாப்பாக ஒன்றுக்கு ஒன்று முன்பேரத்தை விற்றவருக்கும் வட்டி 7%க்குக் கீழே இறங்கும்போது விகிதம் பிசகிவிடும். டீலிங் ரூமில் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது.

செல்வி எழுதியது:
சரி, ‘மலிவு’ மட்டும் போதாது. ‘ஒப்படைப்பு’ கட்டாயம் வேண்டும். ‘ஒப்படைக்க மலிவான பத்திரம்’? அல்லது நஷ்டத்தைச் சொல்லும்படி ‘குறையிழப்பு ஒப்படைப்புப் பத்திரம்’?

அருண் எழுதியது:
இரண்டாவதை வகுப்பில் ஒரே மூச்சில் சொல்ல முடியாது மேடம்!

ராகவன் எழுதியது:
முதலாவதற்கு என் ஓட்டு, ‘ஒப்படைக்க’ முன்னால் வருவதால். ஆனால் ஒரு கேள்வி. 2014 ஜனவரியில் வந்த நம்மூர் ஒப்பந்தங்கள் ஒரே பத்திரத்தை அடிப்படையாக வைத்து ரொக்கத்தில் தீர்பவை. அங்கே தேர்வுக்கே இடமில்லை, சி.டி.டி.யும் இல்லை. பாடத்தில் எந்த ஒப்பந்தத்தை எடுத்திருக்கிறீர்கள்?

செல்வி எழுதியது:
மூலப்பாடம் சிகாகோவின் 6% ஒப்பந்தத்தை வைத்து எழுதியது. அங்கே ஒப்படைப்பு இருக்கிறது. நம்மூர் ஒப்பந்தத்துக்குத் தனிப் பத்தி எழுதிவிடுகிறேன். ‘மாற்றுக் காரணி’யை மட்டும் யாராவது இன்னொரு முறை யோசியுங்கள். ‘சமன் காரணி’ என்றால், அது பத்திரங்களை உண்மையிலேயே சமமாக்கிவிடுகிறது என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம்.